சராசரி சம்பளம் 44,000. என் சம்பளம் அதே 40,000

உப்புவெளி_ரவி: சீனக்குடா பக்கம் ஒரு மீன் பதனிடும் தொழிற்சாலையில் வெட்டும் பிரிவில் இருக்கிறேன். முதலாளி எல்லோருக்கும் கடிதம் தந்திருக்கிறார்: "சராசரி மாதச் சம்பளம் 40,000 ரூபாவிலிருந்து 44,000 ஆகியுள்ளது. மேலாளர் இருவரின் சம்பளம் 90,000 இலிருந்து 1,28,000 ஆனது. பொதி கட்டும் 6 பேர் கொன்ட்ராக்டுக்கு மாறினர். மற்றவர்களின் சம்பளத்தில் மாற்றமில்லை." வெட்டுகிற 28 பேருக்கும் அதே 40,000தான். இந்தக் கணக்கு சரியா?

குளக்கோட்டன்: சுத்தப் பொய், தம்பி. ஒருவருக்கும் கூடாமல் சராசரி எப்படிக் கூடும்?

தம்பலகாமம்_சிவா: பொய்யில்லை அண்ணை. மேலாளர்களுக்குக் கொடுத்ததுதான் முழுக் காரணம்.

சம்பளப்பட்டியல்_அக்கா: சிவா சொன்னது பாதி. பொதி கட்டுபவர்களுக்கு எவ்வளவு, ரவி?

உப்புவெளி_ரவி: 30,000 அக்கா. 10 பேர் இருந்தார்கள், இப்போது 4 பேர்.

சம்பளப்பட்டியல்_அக்கா: அப்போ முன்பு 40 பேருக்கு மொத்தம் 16 இலட்சம். மேலாளர்களுக்கு ஒரு சதமும் கூட்டாமல் அந்த 6 பேரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துப் பாருங்கள்: 34 பேருக்கு 14,20,000, சராசரி 41,765 ஆகிவிடும். குறைந்த சம்பளக்காரர் போனாலே மிச்சமிருப்பவர்களின் சராசரி ஏறும். மேலாளர்களின் 76,000ஐச் சேர்த்தால் 14,96,000. அதை 34ஆல் பிரித்தால்தான் 44,000.

இன்னொன்றையும் கவனியுங்கள். சராசரி கூடியிருக்கிறது, ஆனால் பட்டியலின் மொத்தம் 1,04,000 குறைந்திருக்கிறது. கடிதத்தில் அது இல்லை. எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால், போன வருடமும் 40,000, இந்த வருடமும் 40,000.

மூதூர்_நஸீர்: என்னையும் வேறொரு இடத்தில் இப்படித்தான் கொன்ட்ராக்டுக்கு மாற்றினார்கள். அதோடு ஈபிஎஃப் நின்றுபோனது. இந்தக் கடிதத்தைக் காட்டி நான் கேட்கலாமா?

சம்பளப்பட்டியல்_அக்கா: இந்தக் கடிதம் உங்களுக்கு உதவாது தம்பி. ஆனால் கொன்ட்ராக்டரும் முதலாளிதான். உங்களிடம் 8 சதவீதம் பிடித்து, தன் பங்கு 12 சதவீதத்தைச் சேர்த்துக் கட்ட வேண்டும். சம்பளத் துண்டுகளுடன் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.

தம்பலகாமம்_சிவா: கூடின 4,000இல் பெரிய பங்கு மேலாளர்களுடையதுதானே அக்கா?

சம்பளப்பட்டியல்_அக்கா: எதை முதலில் கணக்கிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 6 பேரை முதலில் எடுத்தால் மேலாளர்களின் பங்கு 2,235. 40 பேரும் இருக்கும்போதே மேலாளர்களுக்குக் கூட்டினால் 1,900தான்.

குளக்கோட்டன்: சரி, கணக்கில் பொய் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 6 பேரும் இன்றைக்கும் அதே மேசையில்தான் பொதி கட்டுகிறார்கள் என்றால், அவர்களை விட்டுவிட்டுச் சராசரி சொல்வது நியாயமில்லை.

தம்பலகாமம்_சிவா: அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது கொன்ட்ராக்டர், அண்ணை. முதலாளி தன் பட்டியலைத்தான் சொல்ல முடியும்.

உப்புவெளி_ரவி: அதே மேசைதான். திங்கட்கிழமை கூட்டத்தில் பிரிவுவாரியாக ஆட்கணக்கும் மொத்தமும் கேட்கப் போகிறேன், கொன்ட்ராக்டருக்குக் கொடுக்கும் தொகையையும் சேர்த்து.