‘நறுக்கவும்’ என்று எழுதினால் போதுமா? பூண்டு கருகிய விவாதம்

எளியசமையல்:
வெட்டு, நறுக்கு, அரி, கொத்து என்று ஆளுக்கொரு சொல்லைப் போட்டுப் புதிதாகச் சமைக்க வருகிறவர்களை மிரட்டாதீர்கள். சமையல் குறிப்பில் ‘நறுக்கவும்’ என்ற ஒரு சொல் போதும். எப்படி நறுக்கினாலும் வயிற்றுக்குள் போனால் எல்லாம் ஒன்றுதான்.

கத்திமுனை:
வயிற்றுக்குள் போனால்தானே? உங்கள் சூப் குறிப்பை நம்பிச் செய்த எனக்கு அது வாயைத் தாண்டவே இல்லை. ‘எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் நறுக்கிய பூண்டைப் போட்டு 2 நிமிடம் வதக்கவும்’ என்று எழுதியிருந்தீர்கள். நான் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டேன். அரை நிமிடத்திலேயே பொன்னிறமாகிவிட்டது. நீங்கள் சொன்ன 2 நிமிடம் முடிவதற்குள் கறுத்து, எண்ணெய் முழுவதும் கசப்பேறிவிட்டது. அந்த எண்ணெயில் செய்த சூப்பை அப்படியே கொட்டினேன்.

பிறகு அதே வாணலி, அதே தீ, பூண்டை மட்டும் 2 மி.மீ. கனத்தில் வில்லைகளாக அரிந்து போட்டேன். 2 நிமிடத்தில் ஓரம் பொன்னிறமாகி, நடுப்பகுதி வெளிர் நிறத்திலேயே இருந்தது. அப்படியானால் உங்கள் கை செய்தது வில்லை, உங்கள் குறிப்பு சொன்னது ‘நறுக்கிய பூண்டு’. 2 மி.மீ. வில்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் என் பூண்டு கருகியிருக்காது.

எளியசமையல்:
தீயைக் குறைக்கத் தெரியாதவர் சொல்லின்மேல் பழி போடுகிறார். பூண்டு சிவக்கத் தொடங்கினால் அடுப்பைத் தணிக்க வேண்டும் என்பதற்கும் நான் ஒரு வரி எழுத வேண்டுமா? அடுப்பங்கரையில் அளவுகோலை வைத்துக்கொண்டு 2 மி.மீ. அளந்துகொண்டிருப்பவர் யார் என்று காட்டுங்கள், பார்க்கலாம்.

கத்திமுனை:
அளவுகோல் வேண்டாம். 2 மி.மீ. என்பது ஏறக்குறைய ஒரு தடித்த நாணயத்தின் கனம் அளவுக்கு இருக்கும். இதைக்கூடக் கண்ணால் மதிப்பிட முடியாதவர் கத்தியைத் தொடக் கூடாது. கேள்வி தீயைப் பற்றியது அல்ல. ‘2 நிமிடம்’ என்ற நேரத்தை நீங்கள்தான் எழுதினீர்கள். நேரத்தை எழுதினால் கனத்தையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதுவது பாதிக் குறிப்பு.

பொறுமைசாலி:
இருவரும் கொஞ்சம் நில்லுங்கள். பொடியாக நறுக்கிய பூண்டு சீக்கிரம் கருகுவதற்குக் காரணம் இருக்கிறது. துண்டு சிறிதானால் அதற்குள் இருக்கும் ஈரம் வற்றுவதற்கு நேரமே எடுக்காது. ஈரம் இருக்கும்வரை துண்டின் சூடு ஓர் அளவுக்குமேல் ஏறாது; வற்றியதும் சட்டென்று சிவந்து கருகும். வில்லைக்கு நடுவில் ஈரம் மிச்சமிருப்பதால் அது தாக்குப்பிடிக்கிறது.

இதில் எல்லோரும் மறந்த இன்னொன்று உண்டு. பூண்டின் காரமும் வாசனையும் முழுப் பல்லில் அப்படியே இருப்பதில்லை. உள்ளே தனித்தனியாக இருக்கும் ஒரு பொருளும் ஒரு நொதியும், செல்கள் உடையும்போது கலந்துதான் அந்தக் காரம் பிறக்கிறது. வில்லையாக அரிந்தால் உடையும் செல்கள் குறைவு, பொடியாக நறுக்கினால் அதிகம், நசுக்கினால் மிக அதிகம். சூடு பட்டதும் நொதி செயலிழந்துவிடும். ஆகவே அடுப்பில் வைப்பதற்கு முன்பே, எப்படி வெட்டினோம் என்பதைப் பொறுத்து மூன்று வேறு சுவைகள் உருவாகிவிடுகின்றன. ‘எப்படி நறுக்கினாலும் ஒன்றுதான்’ என்பது இந்த இடத்தில் நிற்காது.

ஆனால் கத்திமுனை, 2 மி.மீ. ஒன்றும் வேதவாக்கு அல்ல. எண்ணெய் ஆறியிருக்கும்போதே பொடியாக நறுக்கிய பூண்டைப் போட்டு, இளந்தீயில் இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் அதுவும் கருகாமல் பக்குவமாக வரும். ‘எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும்’ என்ற சொற்களுக்கும் இதில் பங்கு உண்டு.

எளியசமையல்:
பார்த்தீர்களா! தீதான் காரணம் என்று அவரே சொல்லிவிட்டார்.

கத்திமுனை:
அவர் அப்படிச் சொல்லவில்லை. மேலே உள்ள இரண்டு பத்திகளையும் தாண்டிக் கடைசி வரியை மட்டும் படித்திருக்கிறீர்கள். பொறுமைசாலி, உங்கள்மேல் மதிப்பு உண்டு. ஆனால் ‘வேதவாக்கு அல்ல’ என்று நீங்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆறிய எண்ணெயில் போடுவது வேறு செய்முறை. அவர் எழுதியது காய்ந்த எண்ணெய், 2 நிமிடம். அந்த இரண்டுக்கும் பொருந்துவது 2 மி.மீ. வில்லை மட்டுமே.

நாளைசமைப்பேன்:
இதற்கெல்லாம் உணவகச் சமையலறைகளில் அளவு ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கிறார்கள். சதுரத் துண்டு சிறியது என்றால் 6 மி.மீ., நடுத்தரம் 12, பெரியது 20. அதைவிடப் பொடிசு வேண்டுமென்றால் 3 மி.மீ. எல்லாச் சொல்லுக்கும் அளவு இருப்பதுபோல் ‘பொடிப்பொடியாக நறுக்கு’ என்பதற்கும் ஓர் அளவு இருக்கும். அதைத் தேடி எழுதினால் சண்டையே இல்லை. நேரக் கணக்கும் எளிது: துண்டு இருமடங்கானால் நேரமும் இருமடங்கு.

பொறுமைசாலி:
சதுரத் துண்டுகளுக்கு நீங்கள் சொன்ன அளவுகள் சமையல் பள்ளிகளில் கற்பிக்கப்படுபவைதான், நூலுக்கு நூல் சற்றே மாறும். பொடிப்பொடியாக நறுக்குவதற்கு அப்படி வகுத்த அளவு கிடையாது. பக்கங்கள் சமமாக இருக்க வேண்டும் என்பதே அதில் இல்லை. கத்தியை முன்னும் பின்னும் ஆட்டிக் கொத்திக்கொண்டே போவதுதான் வேலை. எங்கே நிறுத்துவது என்பதைக் குறிப்பு எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

நேரக் கணக்கும் அப்படி வராது. உருளைக்கிழங்கை 1 செ.மீ. துண்டாகப் போட்டுக் கொதிக்க வைப்பதையும் 2 செ.மீ. துண்டாகப் போடுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சூடு நடுப்பகுதியை எட்ட ஆகும் நேரம் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய நான்கு மடங்கு. சூடு எட்டிய பிறகு கிழங்கு மெத்தென்று ஆக வேண்டிய நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் மொத்த நேரம் நான்கு மடங்காகிவிடாது. எவ்வளவு என்பதைக் குத்திப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிட மோசம், ஒரே பாத்திரத்தில் இரண்டு அளவுத் துண்டுகளும் கிடப்பது. சிறியவை கரைந்து நீர் கஞ்சியாகும்போது பெரியவற்றின் நடுவில் கத்தி தடைபடும். ‘நறுக்கவும்’ என்று மட்டும் படித்தவர் பாத்திரத்தில் நடப்பது இதுதான்.

நாளைசமைப்பேன்:
நான்கு மடங்கு என்பதை நம்ப முடியவில்லை. இருமடங்கு என்றே பல இடங்களில் படித்திருக்கிறேன்.

மழைக்காலம்:
பூண்டு பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். நான் பூண்டை நசுக்கி எலுமிச்சைச் சாற்றில் ஊற வைத்தேன், நீலமும் பச்சையுமாக மாறிவிட்டது. எந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் இப்படி ஆகாது? வீட்டில் எல்லோரும் நஞ்சு என்று பயந்து தூக்கி எறிந்துவிட்டார்கள்.

பொறுமைசாலி:
அது வேறு விஷயம் அம்மா. நசுங்கிய பூண்டில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் புளிப்பில் ஊறும்போது அந்த நிறம் வருவதுண்டு. நிறம் மாறியதால் மட்டும் நஞ்சாகிவிடாது. பயப்பட வேண்டாம்.

கத்திமுனை:
நீலப் பூண்டுக்குத் தனியாக ஒரு திரி தொடங்குங்கள். இங்கே 2 மி.மீ. பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மழைக்காலம்:
கேள்வி கேட்டது குற்றமா? இரண்டு நாளாக நீங்கள் ஒருவர் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

எளியசமையல்:
அவருக்கு அது வழக்கம். சென்ற ஆண்டு கேக் விவாதத்தில் என் குறிப்பில் மாவு அளவு தவறு என்று பத்துப் பதிவு போட்டவர் இவர்தான். அந்தக் கேக்கைச் செய்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை.

கத்திமுனை:
கேக்கை நீங்களே இழுத்துவிட்டீர்கள், நல்லது. அங்கேயும் இதே கோளாறுதான். ‘நறுக்கிய பருப்பு 1 கப்’ என்று எழுதியிருந்தீர்கள். முழுப் பருப்பை ஒரு கப் அளந்து பிறகு நறுக்குவதா, நறுக்கிய பிறகு கப்பில் அளப்பதா? முழுப் பருப்பு கப்பில் இடைவெளி விட்டுக் கிடக்கும், நறுக்கியது நெருங்கி அடையும். இரண்டும் ஒரே எடை வராது. அன்றைக்கும் பதில் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லப்போவதில்லை.

எளியசமையல்:
‘நறுக்கிய பருப்பு 1 கப்’ என்றால் நறுக்கிய பிறகு அளப்பது. தமிழ் தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

வெண்கலப்பானை:
நான் எழுதும் குறிப்புகளில் கிராம்தான் போடுகிறேன், இந்தத் தலைவலி வருவதில்லை. ஆனால் கத்திமுனை, உங்கள் கட்சியிலும் ஓட்டை இருக்கிறது. எளியசமையலின் சூப் குறிப்பை நீங்களே திருத்தி எழுதிக் காட்டுங்கள், பார்ப்போம். குறை சொல்வது எளிது.

கத்திமுனை:
இதோ. ‘பூண்டு 4 பல்: தோலுரித்து, குறுக்குவாக்கில் 2 மி.மீ. கனமுள்ள வில்லைகளாக அரியவும். எண்ணெயை மிதமான தீயில் வைத்து, ஒரு வில்லையைப் போட்டதும் அதைச் சுற்றி மெல்லிய குமிழ்கள் எழும் பதம் வந்தவுடன் மீதியைப் போடவும். ஓரம் இளம் பொன்னிறமாகும்வரை, சுமார் 2 நிமிடம் வதக்கி, உடனே காய்கறியையும் நீரையும் சேர்க்கவும்.’ எந்த ஊரில் யார் செய்தாலும் இது கருகாது.

வெண்கலப்பானை:
நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கவனித்தீர்களா? ‘மிதமான தீ’ என்றும், குமிழ்கள் என்றும், ‘ஓரம் இளம் பொன்னிறம்’ என்றும் நீங்களே சேர்த்துவிட்டீர்கள். அந்த மூன்றும் இருக்கும்போது 2 மி.மீ.க்குப் பதில் 3 மி.மீ. ஆனாலும் ஓரத்தைப் பார்த்து இறக்கிவிடலாம். அப்புறம் 2 மி.மீ.க்கு என்ன வேலை?

எளியசமையல்:
இதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்.

பொறுமைசாலி:
நீங்கள் சொன்னது அதுவல்ல, எளியசமையல். வெண்கலப்பானை வில்லைக்குள்தான் கனத்தைக் கூட்டிக் குறைக்கிறார். வில்லையா பொடியா என்பதையே விட்டுவிடலாம் என்கிறீர்கள் நீங்கள். பொடியாக நறுக்கியதில் பார்ப்பதற்கு ஓரமே கிடையாது. ஓரமும் நடுவும் ஒன்றாகவே சிவக்கும். வாணலியில் வெளிறிய துணுக்குகளுக்கு நடுவே கரும்புள்ளிகள் தெரிந்தால் நறுக்கியது சமமாக இல்லை என்று அர்த்தம். பொடிசானவை முதலில் போய்விட்டன. வினைச்சொல்லை முதலில் சரியாக எழுதுங்கள், மில்லி மீட்டரைப் பிறகு பார்க்கலாம்.

கத்திமுனை:
‘பிறகு பார்க்கலாம்’ என்று விட்டதால்தான் என் சூப் சாக்கடைக்குப் போனது. 3 மி.மீ. என்றால் 2 நிமிடத்தில் ஓரம் வெளுத்தே இருக்கும், அவர் எழுதிய நேரம் பொருந்தாது. நேரமும் கனமும் ஒரே வரியில் வர வேண்டும். 2 மி.மீ., 2 நிமிடம். இதை யாரும் இதுவரை மறுத்துக் காட்டவில்லை.

எளியசமையல்:
மறுக்க என்ன இருக்கிறது? என் அடுத்த குறிப்பை நாளை போடுகிறேன். அதிலும் ‘நறுக்கவும்’ என்றுதான் இருக்கும். விருப்பமில்லாதவர்கள் படிக்க வேண்டாம்.

கத்திமுனை:
போடுங்கள். முதல் ஆளாக வந்து எத்தனை மி.மீ. என்று கேட்பேன்.

நாளைசமைப்பேன்:
உருளைக்கிழங்குக்கு நான்கு மடங்கு என்பதற்கு யாராவது விளக்கம் தருவீர்களா?