தானாகப் பகிரும்போது லிங்க் இடம் மாறுது, ஹேஷ்டேகும் வேலை செய்யல. உதவி தேவை

கருவேலம்: அவசரம். ஒரே செய்தியை எல்லாத் தளத்துக்கும் அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் வெச்சிருக்கேன். லிங்க் தப்பான சொல்லில் போய் ஒட்டிக்குது, ஹேஷ்டேக் வேலை செய்யல. ஆங்கிலத்தில் அனுப்பினா எல்லாம் சரியா இருக்கு. நாளைக் காலைக்குள் சரி பண்ணணும். யாராவது சொல்லுங்க.

வடக்கயிறு: எந்தத் தளத்தில்? ஸ்கிரிப்ட் எதில் எழுதினது? அனுப்பின வாசகத்தை அப்படியே இங்கே ஒட்டுங்க. இது மூணும் இல்லாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

நெடுவழி: நீளம்தாங்க பிரச்சினை. எக்ஸில் 280 தாண்டியிருக்கும், ஸ்கிரிப்ட் வெட்டியிருக்கும். லிங்கைச் சுருக்கிப் போடுங்க, சரியாயிடும்.

மூதுரை: தமிழில் எழுதுறவங்க யூனிகோட் அடிப்படையையாவது படிச்சிட்டு ஸ்கிரிப்ட் எழுதணும். வாசகத்தை NFC ஆக்கிட்டு அனுப்புங்க. இந்தக் கேள்விக்கு எத்தனையோ தடவை பதில் சொல்லியாச்சு.

பனிக்கூடு: எனக்கும் இதே தொல்லை! டெலிகிராமில் வாக்கியக் கடைசியில் முற்றுப்புள்ளி வெச்சா செய்தியே போக மாட்டேங்குது. புள்ளியை எடுத்தா போகுது.

தேனடை: பனிக்கூடு, அது வேற விஷயம். நீங்க MarkdownV2-வில் அனுப்புறீங்க. அதில் புள்ளி, ஆச்சரியக்குறி, கோடு, அடைப்புக்குறி எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு பின்சாய்கோடு வேணும். parse_mode-ஐ HTML-ன்னு மாத்துங்க. அப்புறம் <, >, & மூணை மட்டும் கவனிச்சா போதும்.

நெடுவழி, எக்ஸ் எந்த லிங்கையும் 23 எழுத்தாத்தான் எண்ணும். மாஸ்டடானும் அப்படித்தான். அங்கே லிங்கைச் சுருக்கினா ஒரு எழுத்துகூட மிச்சமாகாது.

கருவேலம், இது புளூஸ்கையா?

கருவேலம்: ஆமா, புளூஸ்கைதான். எக்ஸிலும் மாஸ்டடானிலும் நல்லாத்தான் வருது. பைத்தான், API வழியா நேரா அனுப்புறேன். சோதனைக்கு அனுப்பினது இது:

```
புதிய கட்டுரை: https://example.com/a1 #தமிழ்
```

இதில் "கட்டுரை" நீலமா லிங்க் ஆயிடுச்சு. அதைத் தட்டினா சரியான பக்கத்துக்கே போகுது! முகவரியில் ht-ங்கிற ரெண்டு எழுத்து மட்டும் தனியா நீலமா இருக்கு. அதைத் தட்டினா #தம-ன்னு ஒரு டேக் பக்கம் திறக்குது. #தமிழ் வெறும் எழுத்தா நிக்குது.

மூதுரை: NFC பண்ணிப் பாத்தீங்களா, இல்லையா?

கருவேலம்: பண்ணேன். அப்படியேதான் இருக்கு.

தேனடை: தட்டினா சரியான பக்கம் திறக்குதுன்னு சொன்னீங்களே, அதிலேயே விடை இருக்கு. முகவரி ஒழுங்காத்தான் போயிருக்கு. அது எங்கே தொடங்கி எங்கே முடியுதுன்னு நீங்க கொடுக்கிற எண்தான் தப்பு.

எக்ஸும் மாஸ்டடானும் லிங்கையும் டேக்கையும் தாங்களே கண்டுபிடிச்சுக்கும். புளூஸ்கைக்கு API-யில் வெறும் வாசகத்தை அனுப்பினா அது தேடாது. எது லிங்க், எது டேக்னு facets-ல நீங்கதான் குறிச்சுக் கொடுக்கணும். அந்த byteStart, byteEnd ரெண்டும் UTF-8 பைட் கணக்கு. ஆங்கில எழுத்து ஒரு பைட், அதனால எழுத்தை எண்ணிக் கொடுத்தாலும் பொருந்திடும். தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூணு பைட்.

உங்க வரியையே எண்ணிப் பாருங்க. லிங்குக்கு முன்னாடி பைத்தான் கணக்கில் 15 இடம்: "புதிய" 5, "கட்டுரை" 7, ரெண்டு இடைவெளி, ஒரு முக்காற்புள்ளி. லிங்க் 22. அதனால 15 முதல் 37 வரைன்னு அனுப்பியிருக்கீங்க. பைட்டில் "புதிய" 15-லயே முடிஞ்சிடுது. அடுத்த இடைவெளி ஒண்ணு, "கட்டுரை" 21, மொத்தம் 37. அதான் அந்தச் சொல் அப்படியே லிங்க் ஆச்சு. உண்மையில் லிங்க் 39-ல தொடங்கி 61-ல முடியணும். டேக்குக்கு நீங்க கொடுத்த 38-41-க்குள்ள விழுறது ஒரு இடைவெளியும் ht-யும்.

```python
start = len(text[:i].encode("utf-8"))
end = start + len(url.encode("utf-8"))
```

டேக்குக்கும் இதே கணக்கு. அது "தம"-வில் நிக்கிறது வேற பிழை. `#\w+`-ன்னு தேடுறீங்கன்னு நினைக்கிறேன். பைத்தானோட re-யில் \w உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தா எடுத்துக்காது. "தமிழ்"-ல முதல் குறி ி வந்ததும் நின்னுடும். இப்படிப் போடுங்க:

```python
r"#[\w\u0B80-\u0BFF]+"
```

நெடுவழி: சரி, ஆனா நீளமும் பிரச்சினைதான், நான் சொன்னது முழுத் தப்பு இல்ல. என் பதிவு புளூஸ்கையில் போகுது, எக்ஸில் போக மாட்டேங்குது. ரெண்டிலயும் கிட்டத்தட்ட ஒரே வரம்புதானே?

தேனடை: அது நியாயமான கேள்வி. எண்ணுற முறை வேற. "கட்டுரை" நம்ம கண்ணுக்கு க, ட், டு, ரை, நாலு எழுத்து. புளூஸ்கை அப்படித்தான் எண்ணுது, வரம்பு 300. எக்ஸ் குறிகளையும் தனித்தனியா எண்ணி 7 எடுத்துக்கும், வரம்பு 280. அதனால தமிழுக்கு எக்ஸில் இடம் ரொம்பக் கம்மி.

வடக்கயிறு: அதுக்காக text[:280]-ன்னு வெட்டிடாதீங்க. முதல்ல போறது கடைசியில் இருக்கிற லிங்க். அது தப்பினாலும் "கொ" பாதியா வெட்டுப்பட்டு "க" ஆகி நிக்கும். லிங்குக்கும் டேக்குக்கும் இடம் ஒதுக்கிட்டு, மிச்சத்தைச் சொல் முடியுற இடத்தில் வெட்டுங்க.

மூதுரை: எதுக்கு வெட்டணும்? இருக்கிறதிலேயே சின்ன வரம்புக்குள்ள ஒரு தடவை எழுதி எல்லாத்துக்கும் அனுப்பினா முடிஞ்சுது. ஒழுக்கமா எழுதுறவனுக்கு இந்த வேலையே இல்ல.

வடக்கயிறு: மாஸ்டடானில் வழக்கமான வரம்பு 500. அங்கே விளக்கமாப் படிக்கிறவங்களுக்கு எக்ஸோட வரம்புக்காக நறுக்கினதைக் கொடுக்கிறது சரியில்ல. நான் நீள வாசகம், குட்டை வாசகம்னு ரெண்டு எழுதி வெச்சு அனுப்புறேன். ஸ்கிரிப்ட் தளத்தைப் பாத்துத் தேர்ந்தெடுக்கும்.

மூதுரை: ரெண்டு வாசகம் வெச்சா, ஒண்ணில் திருத்துனது இன்னொண்ணில் விட்டுப்போகும். தேதி மாறின அறிவிப்பில் அது எவ்வளவு பெரிய குழப்பம்னு தெரியுமா?

வடக்கயிறு: தேதி, இடம் மாதிரி மாறுறதை மேலே ஒரே இடத்தில் வெச்சு ரெண்டுக்கும் நிரப்புங்க. குழப்பம் வராது.

மூதுரை: வரும். பாத்திருக்கேன்.

பனிக்கூடு: HTML மாத்தினேன், புள்ளியோட போகுது! ரொம்ப நன்றி தேனடை. இப்போ படத்தோட அனுப்பினா நீளம்னு திட்டுது, அதே செய்தி படம் இல்லாம போகுதே?

தேனடை: படத்துக்குக் கீழே வர்ற வாசகத்துக்கு 1024 தான். தனிச் செய்திக்கு 4096. படத்தை முதல்ல அனுப்பிட்டு, வாசகத்தை அடுத்த செய்தியா விடுங்க.

கருவேலம்: லிங்க் சரி, டேக் சரி. நன்றி. ஆனா புளூஸ்கையில் மட்டும் படத்தோட முன்னோட்டப் பெட்டி வரல, மத்த ரெண்டிலயும் வருது?

தேனடை: அதையும் நீங்கதான் கொடுக்கணும். app.bsky.embed.external-ல முகவரி, தலைப்பு, விவரம் மூணையும் வெச்சு, படத்தைத் தனியா ஏத்தி thumb-ல சேர்க்கணும். உங்க ஸ்கிரிப்ட் பக்கத்தோட தலைப்பையும் படத்தையும் இப்போ எங்கேயாவது எடுக்குதா? அந்தப் பகுதியை ஒட்டுங்க, பாக்கலாம்.

வடக்கயிறு: கருவேலம்? இருக்கீங்களா?