பாப்பா தலைக்கு முடி: கோடு போடணுமா, ஷேட் மட்டும் போதுமா?

வெள்ளைத்தாள்: அக்காவோட பாப்பாவை பென்சில்ல வரையறேன், அஞ்சு மாசம், தலை கிட்டத்தட்ட மொட்டை. முகம் நல்லா வந்துருச்சு, ஆனா முடி போட்டாலே ஒட்டவெச்ச மாதிரி தெரியுது, போடலேன்னா பாப்பா மாதிரியே இல்ல. என்ன பண்ணலாம்?

கரித்தூள்: முதல்ல முடிய மறந்துடுங்க. மண்டைய மட்டும் ஷேட் பண்ணுங்க, 2ஹெச் பென்சில் வெச்சு லேசா, அப்புறம் மெல்லிய பிரஷ்ஷால தடவி விடுங்க. முடி இருக்கற இடத்துல இன்னொரு லேயர், காதுக்கு மேலயும் பின்பக்கமும் கொஞ்சம் அழுத்தமா, நெத்திப் பக்கம் வர வர கரைஞ்சு எங்க முடியுதுன்னே தெரியக்கூடாது. பாதி வேலை அதுலயே முடிஞ்சிரும். கோடு ஒண்ணு கூட வேண்டாம்னுதான் நான் சொல்வேன்.

நிழல்வாசி: கோடே இல்லன்னா அது முடியில்ல ப்ரோ, தலைல அழுக்கு படிஞ்ச மாதிரி இருக்கும். என் வழி ஈசி. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால முதல்லயே தாள்ல மெல்லிசா கீறிடுங்க, அப்புறம் மேல ஷேட் பண்ணா கீறின பள்ளத்துல கிராபைட் இறங்காது, வெள்ளைக் கோடா முடி தெரியும். சூப்பரா இருக்கும்.

கோட்டோவியன்: நிழல்வாசி சொல்ற வித்தை உண்மைதான், ஆனா எல்லா இடத்துக்கும் இல்ல. அப்படி வர்ற கோடு சுத்த வெள்ளை. கறுப்பு முடி பாப்பாவுக்கு அத தலை பூரா போட்டா நரைச்ச தாத்தா ஆயிடும், பள்ளம் விழுந்தா ரப்பரும் திருத்தாது. வெளிச்சம் பட்டு ஓரத்துல மின்னுற நாலஞ்சு முடிக்கு வேணா வெச்சுக்கலாம்.

கரித்தூளும் பாதியில நிறுத்திட்டாரு. ஷேட் காஞ்சு போன மாதிரி நிக்கும், அதுக்கு மேல கொஞ்சம் கோடு வேணும். நான் எப்படி செய்வேன்னா, ஹெச்பிய ஊசியா சீவிட்டு, உச்சில சுழி எங்க இருக்குன்னு போட்டோல பாத்துட்டு, அங்கிருந்து மண்டையோட வளைவுல இறங்கற மாதிரி அஞ்சாறு மில்லிமீட்டர் கோடுகள். பென்சில் தாளைத் தொடும்போதே கை ஓடிட்டு இருக்கணும், எடுக்கும்போதும் ஓடிட்டே இருக்கணும், அப்பதான் ரெண்டு முனையும் மெலிசா வரும். பெரியவங்க முடிக்கு வேர் பக்கம் அழுத்துவோம்ல, அத இங்க செஞ்சா சரியா அந்த "ஒட்டவெச்ச" எஃபெக்ட் வந்துரும். இடைவெளி ஒரே மாதிரி வேண்டாம், அங்கங்க ரெண்டு மூணு முடி நுனில சேர்ந்து ஒட்டட்டும். அப்புறம் திரும்ப பிரஷ்ஷால ஒரு தடவு, அதுக்கு மேல ரொம்ப கொஞ்சமா புதுக் கோடு. கண்ணைச் சுருக்கிப் பாருங்க, முடிய எண்ண முடிஞ்சா ஓவரா போட்டாச்சு.

தாரகை: நான் ஒருத்தங்களுக்கு பாப்பா படம் போட்டுக் குடுத்தப்போ "முடிய கொஞ்சம் அடர்த்தியா போட்டுருங்க"ன்னாங்க, போட்டேன், அப்புறம் "இது எங்க பாப்பாவே இல்லையே"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. மல்லாக்கவே படுக்கறதால பின்மண்டைல தேஞ்சு மொட்டையா இருக்குமே, அதக்கூட மறைக்கச் சொன்னாங்க.

வெள்ளைத்தாள்: எனக்கு அதிகமா போடணும்னு இல்லைங்க, இருக்கறதே வரமாட்டேங்குது. அவுட்லைன் மேல கோடு போட்டாலும் தலை பந்து மாதிரி உருண்டையா வெட்டித் தெரியுது.

கோட்டோவியன்: அப்போ பிரச்னை முடியில இல்ல, அவுட்லைன்ல. அத மாவு மாதிரி பிசையற நீடட் எரேசரால ஒத்தி ஒத்தி மங்கலாக்கிடுங்க. வெறும் வெள்ளைப் பேப்பர்மேல வெளிச்சம் பட்ட மெல்லிய முடி தெரியாது, அதனால தலைக்குப் பின்னாடி 2ஹெச்லயே லேசா ஒரு டோன் குடுத்து தலையோட ஓரத்துல கலந்துடுங்க. வெளிச்சம் வர்ற பக்கம், எரேசரை கத்தி முனை மாதிரி கிள்ளி, உள்ளிருந்து வெளிய அந்த டோனுக்குள்ள இழுத்தா பூனை முடி வந்துரும். ஒரு இழுப்புக்கு ஒரு தடவை எரேசரைப் பிசையணும், இல்லன்னா அழுக்கு முனை திரும்ப டோனை அப்பிடும். நிழல் பக்கம் எதிர்மாறு, ஹெச்பியால சில முடி மட்டும் ஓரத்தைத் தாண்டட்டும்.

நிழல்வாசி: எரேசர்ல இழுத்தா கோடு தடிமனா வருது சார், அதுக்குத்தான் நான் பேனான்னேன்.

கோட்டோவியன்: ஏ4க்கு சின்னதா தலை வரைஞ்சிருந்தா தடிமன்தான், ஒத்துக்கறேன். முகம் உள்ளங்கை அளவு இருந்தா எரேசர் போதும். அதவிட சின்னதுன்னா ஓரத்துல மட்டும் உங்க பேனா.

கரித்தூள்: நான் இன்னும் கோடு வேண்டாம் கட்சிதான். இன்னொண்ணு, புருவமும் கண்ணிமையும் பாருங்க வெள்ளைத்தாள், அத கறுப்பா தீட்டிட்டு தலைய மட்டும் லேசா விட்டா முடி எப்படிப் போட்டாலும் பொய்யாத்தான் இருக்கும்.

வெள்ளைத்தாள்: அட, புருவத்துக்கு 4பி போட்டிருக்கேன்! ஒத்தி எடுத்தா வருமா?