பச்சையாகச் சாப்பிடும் கடல்மீன் எந்தக் கடையில்?

வரும் ஞாயிறு விருந்துக்கு எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த பச்சை மீன் கேட்கிறார்கள். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய பாத்தாங் மீன் துண்டை ஊறவைத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் வெளுத்து, வெந்த மாதிரியே இறுகிவிட்டது. ஆனால் அமிலம் புரதத்தைத்தான் மாற்றுகிறது. அனிசாகிஸ் புழுவும் கிருமியும் அதற்குச் சாகும் என்று நம்ப முடியாது.

புழு சாக -20 டிகிரியில் 7 நாள் உறைய வேண்டும். வீட்டு ஃப்ரீசரில் தெர்மாமீட்டர் வைத்தேன், -16க்குக் கீழே இறங்கவில்லை. மீன்காரரோ, "இது சமைக்கிற மீன்மா" என்கிறார். நன்னீர் மீன் வேண்டவே வேண்டாம். 2015இல் இங்கே ஜிபிஎஸ் என்ற பாக்டீரியா தொற்று அதைப் பச்சையாகச் சாப்பிட்டதில்தான் வந்தது. உறைய வைத்தாலும் பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும். மாமியாருக்கு நீரிழிவு வேறு.

பச்சையாகச் சாப்பிடவென்றே முறைப்படி உறையவைத்த கடல்மீனைத் தேக்கா பக்கம் சில்லறையாக விற்கும் கடை எது?