y = x − x³: y-அச்சைச் சுற்றினால் வாஷர் முறையில் கணக்கு நகரவில்லை

நிலா:
y = x − x³ வளைவரைக்கும் x-அச்சுக்கும் இடையே, x = 0 முதல் 1 வரை உள்ள பரப்பை y-அச்சைச் சுற்றிச் சுழற்ற வேண்டும். வாஷர் போட்டால் dy வருகிறது, அதற்கு x-ஐ y-இல் எழுத வேண்டும். x³ − x + y = 0 என்பதோடு நின்றுவிட்டேன். வேறு வழி உண்டா?

குமரன்:
y-அச்சு என்றால் ஷெல், x-அச்சு என்றால் வாஷர். அவ்வளவுதான்.

மாறன்:
குமரன் சொன்னது இந்தக் கணக்குக்குப் பொருந்தும், ஆனால் விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். x = y², x = y + 2 இரண்டுக்கும் இடைப்பட்ட பரப்பையும் y-அச்சைச் சுற்றிப் பாருங்கள். வாஷரில் ஒரே தொகை:

```
π∫[(y+2)² − y⁴] dy,  y = −1 → 2
= 72π/5
```

ஷெல்லில் x = 1-இல் இரண்டாக உடைக்க வேண்டும், ஏனென்றால் அதற்கு இடப்பக்கம் கீழ் எல்லை பரவளையம், வலப்பக்கம் நேர்கோடு.

அச்சைப் பார்ப்பதற்கு முன்னால், பரப்பைக் கீற்றாக வெட்டிப் பாருங்கள் நிலா. உங்கள் படத்தில் செங்குத்துக் கீற்று எங்கே வைத்தாலும் கீழே அச்சு, மேலே வளைவரை. கிடைக்கீற்றின் இரு முனைகளும் ஒரே வளைவரையில் விழுகின்றன, அதனால்தான் முப்படிச் சமன்பாட்டின் இரண்டு மூலங்கள் தேவைப்படுகின்றன. செங்குத்துக் கீற்று y-அச்சுக்கு இணை. சுழற்சி அச்சுக்கு இணையான கீற்று சுழன்றால் ஷெல், அந்த அச்சுக்குச் செங்குத்தான கீற்று சுழன்றால் வாஷர். ஆக,

```
2π∫ x(x − x³) dx,  x = 0 → 1
= 2π(1/3 − 1/5) = 4π/15
```

இதே பரப்பை x-அச்சைச் சுற்றினாலும் அதே செங்குத்துக் கீற்றுதான் எளிது. அப்போது அது தட்டாகிறது, விடை 8π/105.

தேவி:
நான் இதே பரப்பை x = 2 கோட்டைச் சுற்றினேன். −11π/15 வந்தது. கனஅளவு எப்படி மைனஸில் வரும்?

மாறன்:
ஆரத்தை x − 2 என்று எழுதியிருப்பீர்கள். பரப்பு முழுவதும் கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பதால் தூரம் 2 − x. அதை மாற்றினால் 11π/15. சுழலும் கோடு பரப்பின் குறுக்கே போனால் மட்டும் குறியை மாற்றுவது போதாது, அது வேறு கதை.

நிலா:
சரி, 4π/15 புரிந்தது. ஆனால் கேள்வியிலேயே "வாஷர் முறையில்" என்று இருக்கிறதே?

மாறன்:
அப்படியானால் மூலம் கண்டுபிடிக்கத் தேவையில்லை. y-இன் உச்சம் x = 1/√3-இல். வெளி ஆரம் அந்த உச்சத்துக்கு வலப்பக்கத்து x, உள் ஆரம் இடப்பக்கத்து x. dy-க்குப் பதில் (1 − 3x²)dx போடுங்கள். வெளிப்பக்கம் x = 1-இலிருந்து 1/√3 வரை பின்னோக்கி ஓடும், உள்பக்கம் 0-இலிருந்து 1/√3 வரை. கழித்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்:

```
−π∫ x²(1 − 3x²) dx,  x = 0 → 1
= 4π/15
```

குமரன்:
மாறி மாற்றிய பிறகும் அதை வாஷர் என்று ஏற்று மதிப்பெண் தருவார்களா?

மாறன்:
முதல் வரியில் π∫(R² − r²)dy என்று எழுதிவிட்டு மாற்றினால் நான் தருவேன். மற்றவர்கள் எப்படித் திருத்துவார்கள் என்று சொல்ல முடியாது.