மக்ஸூஸுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும்.

அரபுக் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு இலக்கணப் பாடநூல் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். புகழ வரும் நிஃம, இகழ வரும் பிஃஸ பாடத்தில் வண்டி நின்றுவிட்டது.

"நிஃமர்ரஜுலு ஸைதுன்" என்றால் ஸைது அருமையான மனிதர் என்று பொருள். நிஃம வினை, அர்ரஜுலு அதன் வினைமுதல். வாக்கியம் அங்கேயே முடிந்த மாதிரி இருக்க, பின்னால் ஸைதுன் என்று இன்னொரு பெயர் நிற்கிறது. அதற்குத்தான் மக்ஸூஸ் என்று பெயர். ஃபாயிலை வினைமுதல், முப்ததாவை எழுவாய், கபரைப் பயனிலை என்று எழுதிவிட்டேன். இதற்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை.

— ஹ.

*

ஐயா, முதலில் வினைக்கே பெயர் வைப்போம். புகழுக்கு இசை, இகழுக்கு வசை: இசைவினை, வசைவினை. வள்ளுவரே "இசைபட வாழ்தல்" என்கிறார். இன்னொன்று, நிஃம என்பதே நம் 'நன்மை'யிலிருந்து போனதாக இருக்கலாம். ஒலியைப் பாருங்கள்.

— புலவர் கு.

*

புலவர் ஐயா, இசைவினை என்றால் என் மாணவர்கள் ஆர்மோனியத்தைத் தேடுவார்கள். நிஃம, நிஃமத் இரண்டும் ஒரே வேர். மென்மை, சுகம், அருள் என்று விரியும். பிஃஸவின் வேர் வறுமை, துன்பம். நன்மையை விட்டுவிடுங்கள்.

— ஹ.

*

எதற்கு இவ்வளவு சிக்கல்? ரஜுலும் ஸைதும் ஒருவரே, இரண்டுக்கும் ஒரே வேற்றுமை. 'மனிதர் ஸைது' என்று ஒட்டுப்பெயராக எடுத்துக்கொண்டால் தீர்ந்தது.

— சி.

*

தம்பி சி. சொல்வது முதல் பார்வைக்குச் சரி. ஆனால் இதே கருத்தை "நிஃம ரஜுலன் ஸைதுன்" என்றும் சொல்லலாம். இப்போது ரஜுலன் இரண்டாம் வேற்றுமைக்குப் போய்விட்டது, ஸைதுன் அசையவில்லை. ஒட்டிய பெயரானால் கூடவே மாறியிருக்கும். ஸைதுனை முன்னால் கொண்டுவந்து "ஸைதுன் நிஃமர்ரஜுலு" என்றாலும் வாக்கியம் நிற்கும். அதனால் பலர் அதைப் பின்னால் வந்த எழுவாய் என்றும், முன்னுள்ளது முழுவதும் பயனிலை என்றும் கொள்வார்கள். வேறு சிலர் 'அவர்' என்ற எழுவாய் தொக்கிநிற்க, ஸைதுன் அதன் பயனிலை என்பார்கள்.

ரஜுலுக்கு முன்னுள்ள 'அல்' ஓர் ஆளைச் சுட்டவில்லை, ஆண்மக்கள் இனத்தையே சுட்டுகிறது என்பது பலர் கருத்து. முதலில் இனத்தைப் புகழ்ந்துவிட்டு, அதிலிருந்து ஓர் ஆளை எடுத்துக்காட்டுகிறோம். மக்ஸூஸ் என்ற பெயருக்குக் காரணமே அந்த எடுத்துக்காட்டல்தான்.

புலவர் கவனத்துக்கு: நிஃம வினைதானா என்றே பழைய அரபு இலக்கணத்தில் பஸ்ரா அணியும் கூஃபா அணியும் சண்டை போட்டிருக்கின்றன. பெயருக்கு முன்னால் மட்டும் வரும் 'பி' நிஃமவுக்கு முன்னும் வந்திருக்கிறதே, ஆகவே பெயர் என்றது கூஃபா. 'நிஃமத்' என்று வினைக்குரிய பெண்பால் தகரம் ஏற்கிறதே, ஆகவே வினை என்றது பஸ்ரா. பாடநூல்கள் பஸ்ரா பக்கம். நிகழ்காலம், ஏவல் எதுவும் கிடையாது, உறைந்துபோன வினை.

— மூத்த ஆசிரியர் அ.

*

காலம் காட்டாதா? அப்படியானால் நம் குறிப்புவினைமுற்று! நல்லன், தீயன்.

— புலவர் கு.

*

நல்லன், நல்லள், நல்லர் என்று பால் காட்டுமே ஐயா. நிஃம அந்தத் தகரத்தோடு சரி, அதுவும் கட்டாயமில்லை. நன்னூல் எல்லாப் பாலுக்கும் பொது என்று சொல்லும் வேறு, இல்லை, உண்டு ஆகியவை இன்னும் கிட்டே வரும்.

— அ.

*

நான் நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மருமகன் கடையில் "ஹஸ்புனல்லாஹு வ நிஃமல் வகீல்" என்று மாட்டியிருக்கிறான். இதில் நல்ல வக்கீல் யார்? பெயரைக் காணோமே.

— ப.

*

அண்ணே, நம் வக்கீலும் அந்தச் சொல்தான். இங்கே பொறுப்பேற்றுக் காப்பவன் என்று பொருள். பெயரைக் காணோம் என்றீர்களே, நீங்கள் தேடியதுதான் மக்ஸூஸ்! 'அல்லாஹ்' முன்னால் வந்துவிட்டதால் பின்னால் தொக்கிவிட்டது.

எனக்குத் தோன்றும் சொல் 'விதந்த பெயர்'. உரையாசிரியர்கள் 'விதந்து கூறினார்' என்றால் தனித்தெடுத்துச் சொன்னார் என்று பொருள். 'புகழ்பெயர்' என்று வைத்தால் பிஃஸ வரும்போது மாட்டிக்கொள்வோம். இது இரண்டுக்கும் பொது.

— அ.

*

பதினேழு வயதுப் பையனுக்கு 'விதந்த' புரியுமா? 'குறித்த பெயர்' போதும்.

— சி.

*

'குறித்த' எல்லா இடத்திலும் வரும், கலைச்சொல்லாக நிற்காது. மூத்த ஆசிரியர் விதந்த பெயர் என்கிறார். நேரமில்லை, அதையே போடுகிறேன். வினைக்குப் புகழ்வினை, இகழ்வினை. புலவர் ஐயா பொறுத்துக்கொள்ளவும்.

— ஹ.

*

பொறுக்க மாட்டேன். அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

— புலவர் கு.

*

நூல் வந்துவிட்டது. மெய்ப்புப் பார்த்தவர் 'விதந்த' பிழை என்று நினைத்து எல்லா இடத்திலும் 'வியந்த பெயர்' ஆக்கியிருக்கிறார். புகழ்வினைப் பக்கங்களில் பொருத்தமாகவே இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. இகழ்வினைக்கு வந்து "பிஃஸர்ரஜுலு அபூ லஹபின்" என்ற எடுத்துக்காட்டின் கீழ் 'வியந்த பெயர்: அபூ லஹப்' என்று பார்த்த பிறகுதான் ஒரு மாணவன் எழுந்து நின்றான்.

— ஹ.

*

அவன் இன்னொன்றுக்கும் எழுந்திருக்க வேண்டும். மக்ஸூஸ் எழுவாய் வேற்றுமையில் வர வேண்டும்: அபூ லஹபின் என்பதில் 'அபூ' சரி, 'அபீ' ஆகவில்லை. 'லஹபின்' அதற்கு முழாஃப் இலைஹி, அதாவது அபூவைச் சார்ந்து ஆறாம் வேற்றுமையில் நிற்கும் பெயர். மாணவர்கள் கடைசி எழுத்தைப் பார்த்து ஏமாறுவார்கள். திருத்தச் சீட்டு அச்சிடும்போது இதையும் ஒரு வரி சேருங்கள்.

— அ.