கல் வச்ச ஆரம்: எஸ்டிமேட்டும் HUID-யும் சரியா?

மதுரை_மல்லி: தங்கச்சி கல்யாணத்துக்கு ஆரம் பார்த்திருக்கோம். கடையில எழுதிக் கொடுத்தது: எடை 41.200 கிராம், சேதாரம் 16%, செய்கூலி இல்லை, கல் விலை ரூ.4,500, ஜிஎஸ்டி 3%. HUID-ங்கிற முத்திரை எண்ணை BIS Care ஆப்ல போட்டா வேற நிறுவனத்தோட பேர் வருது. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

ராஜா_தென்காசி: கடைப் பேர் வரலைன்னா போலி முத்திரைதான். 916 கேடிஎம் நகையா கேட்டு வாங்குங்க.

உரைகல்: பேரை மட்டும் வச்சு போலின்னு முடிவு பண்ணாதீங்க ராஜா. நகையைச் செஞ்சு கொடுக்கிற மொத்த வியாபாரி தன் பதிவுல முத்திரை வாங்கி கடைக்கு அனுப்புறது உண்டு. மல்லி, நீங்க பார்க்க வேண்டியது ஆப்ல வர்ற நகை வகையும் தூய்மையும். ஆரத்துல இருக்கிற எண்ணுக்கு மோதிரம்னு வந்தா அந்த நகையே வேண்டாம். எண்ணை லென்ஸ் வச்சுப் படிங்க. 8-ம் B-யும் குழப்பும். முக்கோண BIS சின்னம், 22K916, ஆறு எழுத்து HUID, மூணும் இருக்கணும். கேடிஎம்ங்கிறது காட்மியம் வச்சுப் பத்த வைக்கிற முறை, தூய்மைக்கு அது சான்று ஆகாது.

எனக்கு உறுத்துறது எடைதான். 41.200 கல்லோட சேர்த்தா, கல் போகவா?

மதுரை_மல்லி: கேட்டேன் அண்ணா. கல் 1.200 கிராமாம்.

உரைகல்: அப்போ தங்கம் 40 கிராம்தான், சரியா அஞ்சு பவுன். கணக்குக்கு கிராம் 10,000 ரூபாய்னு வைங்க. கல் எடைக்கும் தங்க விலை போட்டதால 12,000 கூடுதல். அதுக்கு 16% சேதாரம் 1,920. மேல ஜிஎஸ்டி சேர்ந்து மொத்தம் 14,300-ஐத் தாண்டுது. இது போக கல்லுக்குத் தனியா 4,500 வேற வாங்குறாங்க! நாளைக்கு மாத்தப் போனா அதே கல் எடையைக் கழிச்சுட்டுத்தான் விலை போடுவாங்க.

சுபா_கோவை: எங்க பாட்டி சங்கிலியில முத்திரையே இல்லை. அதை விற்க முடியாதா?

உரைகல்: தாராளமா விற்கலாம்மா. HUID கட்டாயம் கடைக்காரர் விற்கிற நகைக்குத்தான். உருக்கிப் பார்த்து வர்ற தூய்மைக்கு விலை கொடுப்பாங்க. உருக்கும் முன்னாடி எடையை நீங்களே பார்த்துக்குங்க.

மதுரை_மல்லி: தங்க விலையை 40 கிராமுக்குப் போடச் சம்மதிச்சுட்டாங்க. சேதாரம் மட்டும் மொத்த எடைக்குத்தானாம், அது கடை வழக்கமாம்.

ராஜா_தென்காசி: சேதாரத்தையே 12%-க்குக் குறைக்கச் சொல்லுங்க.

உரைகல்: வேலைப்பாட்டைப் பார்க்காம எத்தனை சதவீதம் நியாயம்னு என்னால சொல்ல முடியாது. கல் பதிச்ச ஆரத்துக்கு 16% கேட்கிறது புதுசு இல்லை. ஆனா கல்லுல ஏதுங்க சேதாரம்? அந்த 1,920-ஐ விடாதீங்க. மசியலைன்னா இதே டிசைனுக்கு இன்னொரு கடையில எஸ்டிமேட் வாங்குங்க. எங்க எடுத்தாலும் பில்லுல மொத்த எடை, கல் எடை, நிகர எடை, சேதாரம் எல்லாம் தனித்தனி வரியா வேணும்.